மஞ்சள் தூளை வைத்து அமிலமா, காரமா என்று பார்க்கும் சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மஞ்சள் தூளை வைத்து வீட்டிலேயே என்ன சோதனை செய்யலாம்? அதில் என்ன தெரியும்?

காகிதப் பட்டையில் மஞ்சளை ஏற்றிக் காயவைத்து, சமையலறையில் கிடைக்கும் கரைசல்களில் ஒவ்வொன்றாகத் தோய்க்க வேண்டும். எலுமிச்சைச் சாறு, மோர், புளித்தண்ணீர் எதில் தோய்த்தாலும் பட்டை மஞ்சளாகவே இருக்கும். சலவைத்தூள் கரைசலிலோ சுண்ணாம்புத் தெளிவிலோ தோய்த்தால் நொடியில் செம்பழுப்பாகிவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரோடு சுண்ணாம்பைக் கரைத்ததும் வரும் சிவப்பு இதேதான்.

மஞ்சளுக்கு நிறம் தருவதில் முதன்மையானது குர்குமின் என்ற பொருள். அமிலத்திலும் நடுநிலையிலும் அதன் மூலக்கூறு ஊதாவையும் நீலத்தையும் விழுங்கும். மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும். காரத்தில் அந்த மூலக்கூறு தன் ஹைட்ரஜன் அயனியை இழக்கிறது. அப்போது விழுங்கும் ஒளி பச்சைப் பக்கம் நகர்ந்துவிடுவதால் நிறம் சிவப்பாகத் தெரிகிறது. அமிலம் சேர்த்தால் இழந்த ஹைட்ரஜன் திரும்ப வந்து ஒட்டிக்கொள்ளும், மஞ்சளும் திரும்பிவிடும். சோதனையில் புதுச் சாயம் எதுவும் உண்டாவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல குழப்பங்கள் தானாகத் தீரும்.

குழந்தைகள் செய்யலாமா? இதில் ஆபத்தானது எது?

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெரியவர் பக்கத்தில் இருக்கச் செய்யலாம். இதில் மெய்யாகவே ஆபத்தான பொருள் சுண்ணாம்பு. வெற்றிலைக்குப் போடுவதுதானே என்று பலர் அலட்சியமாக இருந்துவிடுகிறார்கள். கண்ணில் பட்டால் அது விழிவெண்படலத்தை அரித்துப் பார்வையையே பறிக்கக்கூடும். அடைத்த சுண்ணாம்புப் பாக்கெட்டைப் பிள்ளைகள் பிதுக்கும்போது வெடித்துக் கண்ணில் தெறிப்பதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து. ஆகவே பாக்கெட்டையோ டப்பாவையோ திறப்பதும், வேண்டிய அளவை எடுப்பதும், மிச்சத்தை எட்டாத இடத்தில் வைப்பதும் பெரியவர் வேலை. பிள்ளைகள் கைக்குத் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் மட்டும் போகட்டும். கண்ணாடி போட்டுக்கொள்வது நல்லது. வெயில் கண்ணாடியானாலும் தெறிப்பைத் தடுக்கும்.

கண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியே இமையை விரித்துப் பிடித்து, ஓடும் தண்ணீரில் குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். இமைக்கு அடியில் துகள் ஒட்டியிருக்கும், அதனால் கண்ணை உருட்டச் சொல்லிக் கழுவ வேண்டும். பிறகு உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும், எரிச்சல் அடங்கிவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. காரத்தை அமிலம் முறிக்கும் என்று எண்ணி எலுமிச்சையோ வினிகரோ விடவே கூடாது.

மற்றவை சுருக்கமாக: ஸ்பிரிட் பயன்படுத்தும்போது அடுப்போ விளக்கோ பக்கத்தில் எரியக் கூடாது. நீற்றாத சுட்ட சுண்ணாம்பு வேண்டாம். தண்ணீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். கழிவறை கழுவும் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் இந்தச் சோதனைக்குள் கொண்டுவராதீர்கள். அவை ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு வரும். எந்தக் கரைசலையும் ருசி பார்க்கக் கூடாது.

என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி, மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட் 50 மில்லி, காப்பி வடிகட்டும் காகிதம் அல்லது அச்சடிக்காத வெள்ளை டிஷ்யூ, ஆறு சிறிய கண்ணாடி டம்ளர்கள், ஒரு இங்க் ஃபில்லர். சோதித்துப் பார்க்க எலுமிச்சை, சமையல் சோடா (ஆப்ப சோடா என்பதும் இதுதான்), சலவைத்தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு. தண்ணீர் ஆர்.ஓ. தண்ணீராகவோ மழைத்தண்ணீராகவோ இருந்தால் நல்லது. ஏன் என்று கீழே பார்ப்போம்.

கடையில் சோடா வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். பேக்கிங் பவுடர் வேறு பொருள். அதில் சோடாவோடு அமிலப்பொடியும் கலந்திருப்பதால் தண்ணீரில் போட்டதும் நுரைக்கும், ஆனால் பட்டையைச் சிவக்க வைக்காது.

மஞ்சள் பட்டையை எப்படித் தயாரிப்பது?

ஒரு கண்ணாடி டம்ளரில் ஸ்பிரிட்டை ஊற்றி மஞ்சள் தூளைப் போட்டு இரண்டு நிமிடம் கலக்குங்கள். மேலே ஒரு தட்டை மூடிப் பத்து நிமிடம் வையுங்கள். தூள் அடியில் படிந்து, மேலே தெளிந்த அடர்மஞ்சள் திரவம் நிற்கும். அதை மட்டும் சாய்த்து இன்னொரு டம்ளருக்கு மாற்றுங்கள். அடியில் உள்ள மண்டி வேண்டாம்.

காகிதத்தை ஒரு சென்டிமீட்டர் அகலம், ஆறு சென்டிமீட்டர் நீளத்தில் பட்டைகளாக வெட்டி, அந்தத் திரவத்தில் முழுகவைத்து எடுத்து, எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். ஜன்னலைத் திறந்துவைத்து நிழலில் காயவிட்டால் கால் மணி நேரத்தில் தயார். வெயிலில் காயவைக்கக் கூடாது, குர்குமின் வெயிலில் வெளுக்கும். காய்ந்த பட்டைகளை மூடிய டப்பாவில் இருட்டில் வைத்தால் பல வாரம் கெடாது. மிஞ்சிய திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள், சொட்டு எண்ணும் சோதனைக்கு அது வேண்டும்.

ஸ்பிரிட் இல்லை. வெறும் தண்ணீரில் கலக்கினால் ஆகாதா?

ஆகும், ஆனால் நிறம் மங்கலாக வரும். குர்குமின் தண்ணீரில் ஏறக்குறைய கரையாது. மஞ்சள் தண்ணீர் என்று நாம் பார்ப்பது பெரும்பாலும் தண்ணீரில் மிதக்கும் நுண்தூள். அதில் முக்கி எடுத்த பட்டையில் தூள் திட்டுத்திட்டாக ஒட்டும், தோய்க்கும்போது பாதி உதிர்ந்துவிடும். ஸ்பிரிட்டில் குர்குமின் உண்மையாகவே கரைவதால் காகித இழைக்குள் சமமாக ஏறுகிறது.

சிறு பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவதானால் தண்ணீரே போதும். நூறு மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி தூளைப் போட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பட்டைகளை இருமுறை தோய்த்துக் காயவைக்கவும். ஆல்கஹால் கலந்த கை கழுவும் திரவமும் ஸ்பிரிட்டுக்கு மாற்றாக உதவும். கூழ் போன்ற வகை வேண்டாம், பட்டை பிசுபிசுக்கும்.

எதிலும் தோய்க்கும் முன்பே பட்டை ஆரஞ்சாக இருக்கிறது, சில இடத்தில் சிவந்த திட்டு. என்ன தப்பு?

எங்கிருந்தோ காரம் வந்துவிட்டது. சந்தேகப்பட வேண்டிய இடங்கள் மூன்று.

முதலில் காகிதம். பிரிண்டரில் போடும் வெள்ளைத்தாளில் வெண்மைக்காகக் கால்சியம் கார்பனேட் சேர்ப்பது இப்போது வழக்கம். அது லேசான காரம் என்பதால் ஈரமாக இருக்கும்போதே மஞ்சள் ஆரஞ்சுப் பக்கம் சாயும். வடிகட்டும் காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. காகிதத்துக்குப் பதில் பழைய வேட்டித் துணியை வெட்டிப் பயன்படுத்தினால், சரியாக அலசாத சோப்பு அங்கங்கே சிவப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுக்கும். துணியை வெந்நீரில் நாலைந்து முறை அலசிக் காயவைத்துப் பிறகு பயன்படுத்துங்கள்.

இரண்டாவது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் உப்புகள் நிறைய இருக்கும். அப்படியே பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அதைக் கொதிக்க வைத்தால் கரைந்திருந்த கார்பன் டைஆக்சைடு வெளியேறிக் காரத்தன்மை கூடும், மஞ்சள் ஆரஞ்சாகும். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் ஊர்த் தண்ணீர் என்றால் இதை எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது கை. சோப்புப் போட்டுக் கழுவிய ஈரக் கையோடு பட்டையைத் தொட்டால் விரல் பதிந்த இடம் சிவக்கும். பட்டையின் ஒரு நுனியை மட்டும் பிடியுங்கள்.

கரைசல்களை எந்த அளவில் கலக்க வேண்டும்?

ஒவ்வொரு டம்ளரிலும் 50 மில்லி தண்ணீர். ஒன்றில் எதுவும் சேர்க்காதீர்கள். மற்றவற்றின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். அடுத்ததில் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. இன்னொன்றில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, இன்னொன்றில் கால் தேக்கரண்டி சலவைத்தூள். ஐந்தாவது டம்ளர் வறுத்த சோடாவுக்கு. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

சுண்ணாம்புத் தெளிவை மட்டும் முன்கூட்டியே தயார் செய்யுங்கள். பட்டாணி அளவு வெற்றிலைச் சுண்ணாம்பை 100 மில்லி தண்ணீரில் கலக்கி, மூடி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் ஃபில்லரால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறக்குறைய 1.7 கிராம் சுண்ணாம்புதான் கரையும். அதிகம் போட்டாலும் மிச்சம் அடியில் படியுமே தவிர, தெளிவின் வலிமை கூடாது.

பட்டையைக் கரைசலில் ஒரு வினாடி தோய்த்து எடுத்து, பத்து வினாடிக்குள் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டையை ஒரு கரைசலில் மட்டும் தோய்க்க வேண்டும். வெள்ளைத் தட்டின் மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம், ஏனென்றால் மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பின் கீழே ஆரஞ்சும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும்.

எந்தக் கரைசலில் என்ன நிறம் வந்தால் சரி?

எலுமிச்சையிலும் வெறுந்தண்ணீரிலும் தெளிவான மஞ்சள். சமையல் சோடாவில் வெளிறிய ஆரஞ்சு, சில சமயம் மஞ்சளிலிருந்து பிரித்துச் சொல்லவே கடினம். சலவைத்தூளில் செம்பழுப்பு. சுண்ணாம்புத் தெளிவில் அடர்ந்த சிவப்பு, ஓரம் காயும்போது பழுப்பு.

எலுமிச்சைக்கும் வெறுந்தண்ணீருக்கும் வேறுபாடு தெரியவில்லையே என்றால், தெரியாதுதான். மஞ்சளின் நிறம் மாறுவது, அமில, காரத் தன்மையை எண்ணால் சொல்லும் பிஎச் அளவு ஏறக்குறைய 7.4-க்கும் 8.6-க்கும் இடையில் இருக்கும்போது. அதற்குக் கீழே எவ்வளவு புளித்தாலும் ஒரே மஞ்சள்தான். காரத்தைக் காட்டிக்கொடுக்கும் பொருள் இது. அமிலத்தின் வலிமையை அளக்க இதற்குத் தெரியாது. அதற்குச் செம்பருத்திப் பூவையோ ஊதா முட்டைக்கோஸையோ நாட வேண்டும்.

பாத்திரம் கழுவும் திரவத்திலும் ஷாம்பூவிலும் சிவக்கவே இல்லை. அவையும் சோப்புதானே?

நுரை வருவதெல்லாம் காரம் என்று சொல்ல முடியாது. குளியல் சோப்புக்கட்டி எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்வது, கரைசல் பிஎச் 9-ஐத் தாண்டும். பாத்திரத் திரவமும் ஷாம்பூவும் வேறு வகை நுரைப்பொருளால் ஆனவை. கைக்கும் தலைக்கும் உறுத்தாமல் இருக்க நடுநிலையை ஒட்டியே தயாரிக்கிறார்கள். பட்டை மஞ்சளாக இருப்பதுதான் சரியான முடிவு.

சமையல் சோடா காரம் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பிறகு ஏன் சரியாகச் சிவக்கவில்லை? இன்னும் இரண்டு கரண்டி போட்டும் பார்த்தாயிற்று.

பத்துக் கரண்டி போட்டாலும் இதே ஆரஞ்சுதான். சமையல் சோடா, அதாவது சோடியம் பைகார்பனேட், தண்ணீரில் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் இழுக்கும். ஹைட்ரஜன் அயனியை வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். இரண்டும் ஒன்றையொன்று சமன் செய்து, கரைசலின் பிஎச் 8.3-ஐ ஒட்டி நின்றுவிடும். கூடுதலாகச் சோடா போட்டால் இரண்டு இழுப்பும் சேர்ந்தே கூடுகின்றன, சமநிலை இடம் மாறுவதில்லை.

அந்த 8.3 மஞ்சள் நிறம் மாறும் எல்லைக்குள்ளேயே விழுகிறது என்பதுதான் இந்தச் சோதனையின் சிக்கல். குர்குமினில் ஒரு பங்கு சிவந்தும் மிச்சம் மஞ்சளாகவும் இருக்க, கலப்பு நிறம் ஆரஞ்சாகத் தெரிகிறது. பள்ளிக் கண்காட்சியில் சோடாவை நம்பிப் போய் நிறம் வராமல் திகைப்பது இதனால்தான். வெந்நீரில் கரைத்த சோடா சற்றுக் கூடுதலாகச் சிவக்க வைக்கும். ஏனென்றால் சூட்டில் பைகார்பனேட் சிதையத் தொடங்குகிறது. அந்தச் சிதைவை முழுக்க நடத்திப் பார்ப்பதுதான் அடுத்த கேள்வி.

சோடாவை வறுத்தால் வலிமையான காரமாகிவிடுமாமே, எப்படிச் செய்வது?

அடுப்பு வேலை பெரியவருடையது. காய்ந்த எவர்சில்வர் அல்லது இரும்பு வாணலியில் 20 கிராம் சமையல் சோடாவை, அதாவது மட்டமான நான்கு தேக்கரண்டியை, மெல்லிசாகப் பரப்புங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், கிடைக்கப்போகும் பொருள் அதை அரிக்கும். சிறு தீயில் வைத்து மரக்கரண்டியால் கிளறிக்கொண்டே இருங்கள்.

சில நிமிடத்தில் பொடி தண்ணீர்போல நெகிழ்ந்து ஓடும், அங்கங்கே சிறு குழி விழுந்து புகைபோலக் கிளம்பும். உள்ளிருந்து வாயு வெளியேறுவதால் அப்படி ஆகிறது. அப்போது குளிர்ந்த எவர்சில்வர் தட்டை ஒரு சாண் உயரத்தில் பிடித்தால் அடிப்பக்கம் நீர்த்துளி படியும். நடப்பது இதுதான்:

2NaHCO₃ → Na₂CO₃ + H₂O + CO₂

நீராவியும் கார்பன் டைஆக்சைடும் போய்விட, மிஞ்சுவது சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா. இருபது நிமிடத்தில் நெகிழ்வு நின்று பொடி சாதாரண மணல்போலக் கனமாகக் கிளறுபடும். தட்டில் நீர்த்துளி படிவதும் நின்றிருக்கும். அடுப்பை அணைத்து முழுக்க ஆறவிடுங்கள்.

வேலை முடிந்ததா என்பதை எடைபோட்டே உறுதிசெய்யலாம். 168 கிராம் சமையல் சோடா 106 கிராம் சலவை சோடாவாகும். அந்தக் கணக்கில் 20 கிராம் 12.6 கிராமாகக் குறைய வேண்டும். வீட்டுத் தராசில் 13 காட்டினால் வேலை முடிந்தது. 16 அல்லது 17 என்றால் பாதிதான் மாறியிருக்கிறது, இன்னும் வறுக்க வேண்டும். 11-க்குக் கீழே போனால் கிளறும்போது பொடி வெளியே சிந்தியிருக்கிறது.

இதில் கால் தேக்கரண்டியை 50 மில்லி தண்ணீரில் கரைத்துப் பட்டையைத் தோயுங்கள். பிஎச் 11-ஐத் தாண்டிவிடுவதால் சலவைத்தூளுக்கு இணையாகச் சிவக்கும். பார்க்க இரண்டு வெள்ளைப் பொடியும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒன்றில் பட்டை ஆரஞ்சு, மற்றதில் சிவப்பு. இந்த ஒரு ஜோடியை மட்டும் கண்காட்சியில் வைத்தாலே போதும் என்பது நம் எண்ணம். வறுத்த பொடியைத் தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள். சமையல் சோடா டப்பாவில் திரும்பக் கொட்டிவிடக் கூடாது, அது இனி சமையலுக்கு ஆகாது.

சிவந்த சுண்ணாம்புத் தண்ணீரை மறுபடி மஞ்சளாக்க எத்தனை சொட்டு எலுமிச்சை வேண்டும்? முன்கூட்டியே கணக்கிட முடியுமா?

முடியும், இதில் கணக்கும் கண்ணும் நன்றாகவே ஒத்துப்போகும். தெளிந்த சுண்ணாம்பு நீரில் 10 மில்லி (இரண்டு தேக்கரண்டி) எடுத்து, மிச்சம் வைத்த மஞ்சள் திரவத்தில் ஐந்து சொட்டு விடுங்கள். சிவந்துவிடும். பிறகு வடிகட்டிய எலுமிச்சைச் சாற்றை ஃபில்லரால் ஒவ்வொரு சொட்டாக விட்டு, ஒவ்வொன்றுக்கும் டம்ளரைச் சுழற்றி, எண்ணிக்கொண்டே வாருங்கள்.

பத்து மில்லி தெளிவில் சுமார் 17 மில்லிகிராம் சுண்ணாம்பு கரைந்திருக்கிறது. அதைச் சமன்செய்ய 29 மில்லிகிராம் சிட்ரிக் அமிலம் வேண்டும். எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து பங்கு. ஃபில்லரின் ஒரு சொட்டு 0.05 மில்லி என்று வைத்தால் சொட்டுக்கு 2.5 மில்லிகிராம். ஆக, பன்னிரண்டு சொட்டை ஒட்டி நிறம் திரும்ப வேண்டும். பழமும் ஃபில்லர் முனையும் மாறுவதால் ஒன்பதிலிருந்து பதினாறு வரை வரலாம்.

நாலைந்து சொட்டிலேயே மஞ்சளாகிவிட்டால் உங்கள் சுண்ணாம்பு நீர் பலவீனமானது. வெகுநேரம் திறந்து வைத்ததால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு அதில் ஒரு பகுதியைச் சுண்ணக்கல்லாக மாற்றியிருக்கும். மேலே வெள்ளை ஆடை படிந்திருப்பதைப் பார்க்கலாம். இதற்கு நேர்மாறாக, மஞ்சளான தண்ணீர் சில நொடியில் தானே மறுபடி சிவந்தால், தெளிவோடு கரையாத சுண்ணாம்புத் துகளும் வந்துவிட்டது. அமிலம் கரைந்ததைத் தீர்த்ததும் அந்தத் துகள் மெல்லக் கரைந்து மீண்டும் காரமாக்கும். இன்னும் நேரம் விட்டுத் தெளியவைத்து முதலிலிருந்து எண்ணுங்கள்.

எலுமிச்சைக்குப் பதில் சாதா கோலி சோடாவை விட்டாலும் மஞ்சளாகும், கூடவே தண்ணீர் பால்போலக் கலங்கும். சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ராவால் ஊதச் சொல்லும் வழக்கம் உண்டு. அது வேண்டாம், பிள்ளைகள் தவறி உறிஞ்சினால் வாய் வெந்துபோகும்.

ஆரத்தித் தண்ணீர் எலுமிச்சை விட்டதும் மஞ்சளாகிறது. குங்குமமும் மஞ்சளில் செய்வதுதானே, அதில் எலுமிச்சைச் சாறே சேர்க்கிறார்களே?

பழைய முறையில் மஞ்சளோடு வெங்காரம், படிகாரம், எலுமிச்சைச் சாறு சேர்த்துக் குங்குமம் செய்வார்கள். வெங்காரத்தில் போரான் இருக்கிறது. எலுமிச்சையின் அமிலத்தில் வெங்காரம் போரிக் அமிலமாக மாறி, காயக்காயக் குர்குமினோடு பிணைந்து சிவப்பான வேறொரு சேர்மமாகிவிடும். இங்கே அமிலம் இருந்தால்தான் சிவப்பே வரும். ஆகவே பட்டை சிவந்தால் அது காரம் என்ற விதிக்குப் போரிக் அமிலம் ஒரு விலக்கு. வெங்காரத்தைக் கொண்டு பிள்ளைகளுக்குச் சோதனை வேண்டாம், விழுங்கினால் நஞ்சு.

சிவந்த தண்ணீரை அப்படியே வைத்திருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வெளுத்துப் பழுப்பாகிவிட்டதே?

இரண்டு காரணம் இருக்கலாம், எது என்பதையும் கண்டுபிடிக்கலாம். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு காரத்தைக் குறைத்திருக்கலாம். அல்லது குர்குமினே உடைந்திருக்கலாம். அமிலத்தில் நெடுநேரம் தாங்கும் அந்த மூலக்கூறு காரத்தில் வேகமாகச் சிதைந்துவிடும்.

அந்தத் தண்ணீரை இரண்டு டம்ளராகப் பிரியுங்கள். ஒன்றில் புதிய சுண்ணாம்புத் தெளிவை ஒரு தேக்கரண்டி விடுங்கள். சிவப்பு திரும்பினால் குர்குமின் இன்னும் இருக்கிறது, காரம்தான் தீர்ந்திருக்கிறது. திரும்பாவிட்டால் மற்ற டம்ளரில் புதிய மஞ்சள் திரவம் ஐந்து சொட்டு விடுங்கள். அது உடனே சிவந்தால் காரம் குறையவில்லை, பழைய குர்குமின்தான் உடைந்துபோயிருக்கிறது. சொட்டு எண்ணும் சோதனையைச் சிவந்த ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டியதும் இதனால்தான்.

இதை வைத்து மஞ்சள் தூளில் கலப்படம் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா?

முடியாது. சிவந்தால் அதில் மஞ்சள் இருக்கிறது என்று மட்டும் தெரியும், வேறு எது சேர்ந்திருக்கிறது என்று தெரியாது. மெட்டானில் மஞ்சள் என்ற சாயம் வலிமையான அமிலத்தில்தான் நிறம் மாறும், எலுமிச்சை அதற்குப் போதாது. லெட் குரோமேட் கலந்திருந்தால் ஆய்வகத்தில்தான் உறுதிசெய்ய முடியும்.

சோதனை முடிந்ததும் கரைசல்களை எங்கே கொட்டுவது?

சுண்ணாம்பு நீர், சோடா, சலவைத்தூள் எல்லாவற்றையும் நிறைய தண்ணீரோடு கழுவுதொட்டியில் விடலாம். அடியில் படிந்த சுண்ணாம்பை ஈரத்துணியால் வழித்துக் குப்பையில் போடுங்கள், கையால் தொட வேண்டாம். மிஞ்சிய ஸ்பிரிட் திரவத்தை மூடி, நெருப்பு அண்டாத இடத்தில் வைக்கவும்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வி: வெள்ளைச் சட்டையில் சாம்பார் கொட்டியது. சோப்புப் போட்டதும் கறை சிவந்துவிட்டது. கறை நிரந்தரமாகிவிட்டதா?

இல்லை. சோப்பின் காரத்தில் குர்குமின் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அலசியதும் மறுபடி மஞ்சளாகும். சிவக்கும்போது குர்குமின் தண்ணீரில் முன்பைவிட எளிதாகக் கரையும், சிதையவும் செய்யும். ஆகவே சிவந்தது கறையை எடுப்பதற்குச் சாதகமான நிலை. அந்த நேரத்தில் எலுமிச்சை தேய்த்தால் சிவப்பு மறைந்து கறை போனதுபோலத் தோன்றும், ஆனால் குர்குமின் துணியிலேயே இருக்கும்.

பருத்திச் சட்டைக்குச் செய்ய வேண்டியது: முதலில் பாத்திரத் திரவத்தைத் தேய்த்து எண்ணெயை எடுத்து அலசுங்கள், எண்ணெய் இருக்கும்வரை குர்குமின் அதற்குள் பத்திரமாக ஒளிந்துகொள்ளும். பிறகு சலவைத்தூளைக் குழைத்துக் கறைமேல் பூசிக் கால் மணி நேரம் வைத்து அலசுங்கள். ஈரத்தோடு நேர் வெயிலில் காயப்போடுங்கள். மிச்ச நிறத்தை ஒளி சிதைக்கும். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைத்தூளின் காரம் ஆகாது, அவற்றைச் சலவைக்குக் கொடுப்பதே நல்லது.

காய்ந்த பிறகு அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சிவந்தால் இன்னொரு முறை பூசி வெயிலில் போட வேண்டும். சிவக்காவிட்டால் கறை போயிற்று.